பேரியர்னா என்ன? பேக்கேஜிங் பரீட்சைக்கு ஒரு சொல் விளக்கம்

பேரியர்ங்கிற சொல் பழைய பிரெஞ்சுல "பார்"னு சொல்ற குறுக்குக் கட்டையிலிருந்து வந்தது. வழியில கட்டையைப் போட்டா அது தடை. பேக்கேஜிங்ல பேரியர் ப்ராப்பர்ட்டினு சொன்னா, ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, நீராவி, வாசனை இதெல்லாம் ஃபிலிம் வழியா போறதை அது எவ்வளவு மட்டுப்படுத்துதுங்கிறதுதான் அர்த்தம், தமிழ்ல தடுப்புத்திறன்னு எழுதலாம். வெறுமனே தடுப்புனு எழுதாதீங்க, அது மொத்தமா அடைச்சிடுற மாதிரி படும், ஆனா எந்த பிளாஸ்டிக் ஃபிலிமும் அப்படி அடைக்கறதில்ல, கொஞ்சமாவது விட்டுக்கிட்டேதான் இருக்கும். அந்த விடுற குணத்துக்குப் பேரு பெர்மியபிலிட்டி, லத்தீன்ல ஊடே கடந்து போறதுனு பொருள், தமிழ்ல ஊடுருவுதிறன்.

இன்னொண்ணு, தடுப்புத்திறன்ங்கிறது ஒரே நம்பர் கிடையாது, எந்த வாயுவுக்குனு கேக்கணும். பாலிஎத்திலீன் நீராவியை நல்லா தடுக்கும், ஆக்சிஜனைத் தாராளமா விடும். எத்திலீன் வினைல் ஆல்கஹால்ங்கிற பிளாஸ்டிக், சுருக்கமா ஈவிஓஎச், அதுக்கு நேர்மாறு, காஞ்ச நிலையில ஆக்சிஜனுக்கு அருமையான தடுப்புத்திறன், ஈரம் ஏறினா அந்தத் திறன் குறைஞ்சிடும், அதனாலதான் அதை நடு அடுக்குல வச்சு ரெண்டு பக்கமும் பாலிஎத்திலீன் மாதிரி ஃபிலிமால மூடுறாங்க.

இப்ப பரீட்சையில நிறைய பேர் சறுக்குற இடத்துக்கு வருவோம். மாடிஃபைடு அட்மாஸ்பியர் பேக்கிங், தமிழ்ல மாற்றிய வளிச்சூழல் பொதியல்னு சொல்லலாம், பொதிதல்னா உள்ள வச்சு மூடுறதுதானே, பைக்குள்ள இருக்குற வாயுக்களோட அளவு வெளிக்காத்துல இருக்குறதை விட வேற மாதிரி இருக்குறபடி பொருளை வச்சு மூடுறதுதான் இது. கன்ட்ரோல்டு அட்மாஸ்பியர் வேற, அங்க கிடங்குல வாயு அளவை ஓயாம அளந்து திருத்திக்கிட்டே இருப்பாங்க, இங்க பையை சீல் பண்ணினதோட நம்ம வேலை முடிஞ்சது, அப்புறம் காயும் ஃபிலிமும்தான் பாத்துக்கணும். பறிச்ச காய் உயிரோட இருக்கு, ஆக்சிஜனை இழுத்து கார்பன் டை ஆக்சைடை விடுது. அதனால "ஹை பேரியர் ஃபிலிம்தான் பெஸ்ட்"னு எழுதினா தப்பு, அது சிப்ஸுக்கும் காபித்தூளுக்கும் சரி, மூச்சு விடுற காய்க்கு வேணும்கிறது கணக்கா விடுற ஃபிலிம்.

எவ்வளவு விடணும்னு ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். பையில 500 கிராம் காய், 5 டிகிரி செல்சியஸ்ல கிலோவுக்கு மணிக்கு 20 மில்லி ஆக்சிஜன் செலவு பண்ணுது, பையோட மொத்தப் பரப்பு 0.1 சதுர மீட்டர், உள்ள 5 சதவீதம் ஆக்சிஜன் நிக்கணும். ஒரு நாள் செலவு 0.5 × 20 × 24, அதாவது 240 மில்லி. வெளியே 21 சதவீதம், உள்ள 5, வித்தியாசம் 16 சதவீதம், அதாவது 0.16 அட்மாஸ்பியர், இந்த வித்தியாசம்தான் வாயுவை உள்ள தள்ளுது.

```
தேவையான ஆக்சிஜன் ஊடுருவு வீதம்
= 240 ÷ (0.1 × 0.16)
= 15,000 மில்லி / சதுர மீட்டர் / நாள் / அட்மாஸ்பியர்
```

நம்மகிட்ட இருக்குற ஃபிலிம் 7,500தான் விடுதுனு வைங்க (25 மைக்ரான் எல்டிபிஈ, அதாவது அடர்த்தி குறைஞ்ச பாலிஎத்திலீன், கிட்டத்தட்ட இந்த அளவுதான் வரும்). உள்ள ஆக்சிஜன் சுத்தமா தீர்ந்து போனாக்கூட ஒரு நாளைக்கு 7,500 × 0.1 × 0.21, அதாவது சுமார் 158 மில்லிதான் உள்ள வரும், காய் கேக்குறது 240. அப்ப காய் ஆக்சிஜன் இல்லாம நொதிக்க ஆரம்பிச்சிடும், பை உப்பும், திறந்தா சாராய வாசனை குப்புனு வரும், காய் பாக்க பச்சையாவே இருந்தாலும் வாயில வைக்க முடியாது. அதே பையில 250 கிராம் மட்டும் போட்டா செலவு 120 ஆகிடும், 7,500 ஃபிலிமே சரியா பொருந்தும்.

கார்பன் டை ஆக்சைடு என்ன ஆகும்? சாதாரண ஃபிலிம்கள் ஆக்சிஜனை விட அதை 3லிருந்து 6 மடங்கு வரை வேகமா விடும். 4 மடங்குனு எடுத்தா, இழுத்த அளவே வெளிய விடுற காய்க்கு உள்ள 16 ÷ 4, அதாவது 4 சதவீதம் நிக்கும். அரை கிலோதான் வேணும்னு நுண்துளை போட்ட ஃபிலிமுக்குப் போனா ஆக்சிஜன் பிரச்சினை தீரும், ஆனா துளை வழியா ரெண்டு வாயுவும் ஏறக்குறைய ஒரே வேகத்துல போறதால கார்பன் டை ஆக்சைடு 16 சதவீதம் பக்கம் ஏறிடும். ஸ்ட்ராபெரி அதைத் தாங்கும், அதுக்கு நல்லதும்கூட, தக்காளி தாங்காது. அதனால ஃபிலிமைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி கேள்வி வந்தா ஆக்சிஜன் கணக்கோட நிறுத்தாம இந்த விகிதத்தையும் எழுதுங்க.

டேட்டா ஷீட்ல இருக்குற வீதம் பெரும்பாலும் 23 டிகிரியில அளந்தது, 5 டிகிரியில ஃபிலிம் அதை விடக் குறைவாத்தான் விடும். அதே மாதிரி 5 டிகிரிக்குக் கணக்கு போட்ட பை 15 டிகிரியில கிடந்தா காயோட மூச்சு ரெண்டு மூணு மடங்கு கூடும், ஃபிலிம் விடுறது அந்த அளவுக்குக் கூடாது, அதனால சரியா டிசைன் பண்ணின பையும் குளிர்ச்சி விட்டுப்போன இடத்துல நொதிச்சுப்போகும்.