‘டிரெய்னி’ என்றால் குறைந்த சம்பளம்தானா? தொழிற்பழகுநர் உதவித்தொகையும் குறைந்தபட்ச ஊதியமும்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் படிப்பை முடித்த பிள்ளைகளுக்குக் கிடைக்கும் முதல் வேலை பெரும்பாலும் ‘டிரெய்னி’ என்ற பெயரில்தான் வருகிறது. பழைய பங்களாவை மாற்றிய ஓட்டலாக இருக்கும், ஜவுளிக் கடையாக இருக்கும், ஒர்க்‌ஷாப்பாக இருக்கும். கையில் ஐயாயிரமோ ஆறாயிரமோ கொடுத்து, “இப்ப டிரெய்னிங்தானே, ஒரு வருஷம் போகட்டும், சம்பளம் போடுறோம்” என்பார்கள். இப்படிச் சொல்ல முதலாளிக்கு உரிமை உண்டா என்பது ஒரே ஒரு காகிதத்தைப் பொறுத்தது.

அந்தக் காகிதம், 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி பதிவான ஒப்பந்தம். கம்பெனி லெட்டர்ஹெட்டில் ‘பயிற்சிக் காலம் ஓராண்டு’ என்று அடித்துக் கொடுத்தால் அது இந்த ஒப்பந்தம் ஆகாது. தொழில் பிரிவு, தொடங்கும் தேதி, முடியும் தேதி, மாத உதவித்தொகை எல்லாம் எழுதி, அரசின் தளத்தில் ஏற்றி, பதிவு எண் வாங்கியிருக்க வேண்டும். ஐடிஐ, பள்ளிப் படிப்பு முடித்தவர்களுக்கு apprenticeshipindia.gov.in. பட்டம், டிப்ளமோ முடித்தவர்களுக்குப் பெரும்பாலும் nats.education.gov.in. பயிற்சியாளரும் தன் பெயரில் அந்தத் தளத்தில் பதிந்திருக்க வேண்டும் என்பதால், உங்களுக்கே தெரியாமல் நீங்கள் ‘அப்ரண்டிஸ்’ ஆகிவிட முடியாது. உள்ளே நுழைந்து பார்த்தால் ஒப்பந்தம் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

ஒப்பந்தம் இருந்தால் சட்டம் உங்களைப் ‘பயிற்சி பெறுபவர்’ என்றுதான் பார்க்கும், தொழிலாளி என்று பார்க்காது. அதனால் குறைந்தபட்ச ஊதியம், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எதுவும் வராது. பதிலுக்கு உதவித்தொகைக்குத் தனியாக ஒரு குறைந்தபட்ச வரம்பு உண்டு. 2019-இல் திருத்திய விதிப்படி அது 5-ஆம் வகுப்பு முதல் 9-ஆம் வகுப்பு வரை படித்தவருக்கு மாதம் 5,000 ரூபாயில் தொடங்கி, பட்டதாரிக்கு 9,000-இல் முடிகிறது. பிளஸ் டூ முடித்தவருக்கும் ஐடிஐ சான்றிதழ் உள்ளவருக்கும் 7,000. இரண்டாம் ஆண்டு இதோடு 10 சதவீதம் சேர வேண்டும். இந்தத் தொகைகளை 36 சதவீதம், அதாவது 6,800 முதல் 12,300 வரை, உயர்த்தும்படி மத்திய தொழிற்பழகுநர் மன்றம் 2025 மே மாதம் பரிந்துரைத்தது. ஆகவே கையெழுத்துப் போடும் அன்று நடப்பில் உள்ள தொகை எது என்று தளத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

பணம் வரும் விதத்தில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையில் கால் பங்கை, அதிகபட்சம் 1,500 ரூபாயை, மத்திய அரசு தருகிறது. 7,000-இல் கால் பங்கு 1,750. ஆனால் உச்சவரம்பு இருப்பதால் 1,500 மட்டும் அரசிடமிருந்து நேராக உங்கள் ஆதார் இணைந்த கணக்குக்கு வரும், மீதி 5,500 முதலாளி போட வேண்டும். ஆக மாதம் இரண்டு வரவு. 5,500 மட்டும் வந்தால் ‘குறைத்துவிட்டார்கள்’ என்று சண்டைக்குப் போகும் முன், ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள். பள்ளிக்கூடத்தில் திறந்து மறந்துபோன கணக்கில் 1,500 போய்க் கிடக்கலாம். முதலாளியின் பங்கு அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் வந்தாக வேண்டும். தற்செயல் விடுப்புக்கோ மருத்துவ விடுப்புக்கோ அதில் பிடித்தம் செய்யக் கூடாது.

இதே சட்டத்தில் அதிகம் பேசப்படாத இரண்டு தடைகள் இருக்கின்றன. முதலாவது, பழகுநருக்குப் பீஸ் ரேட் கிடையாது. ஆத்தங்குடிப் பட்டறையில் கண்ணாடி மேல் அச்சு வைத்துச் சாயம் ஊற்றி எடுக்கும் தரைக் கல்லுக்கு எண்ணிக்கைக் கணக்கில் கூலி கொடுக்கிறார்கள் என்றால், பதிவு பெற்ற பழகுநரை அந்தக் கணக்கில் உட்கார வைக்கக் கூடாது. இரண்டாவது, தொழிற்பழகுநர் ஆலோசகர் என்ற அரசு அதிகாரியின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் பார்க்க வைக்கக் கூடாது. பழகுநர் தானே விரும்பினாலும் முடியாது. வேலையில் அடிபட்டால் இழப்பீடு தரும் பொறுப்பும் முதலாளிக்கு உண்டு.

பதிவு பெற்ற ஒப்பந்தம் இல்லை என்றால் கதையே வேறு. 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு, பயிற்சி பெறுவோரில் ‘பணியாளர்’ என்ற வரையறையிலிருந்து விலக்குவது தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் உள்ளவரை மட்டும்தான். சும்மா ‘டிரெய்னி’ என்று அழைக்கப்படுபவருக்கு அந்த விலக்கு இல்லை. சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார் என்றால் அவர் பணியாளர், குறைந்தபட்ச ஊதியம் அவருக்கு உரியது. (கல்லூரிப் பாடத்திட்டத்தின் பகுதியாக வரும் இன்டர்ன்ஷிப் தனி விஷயம், அதை இங்கே கலக்க வேண்டாம்.)

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மீனாள் பிளஸ் டூ முடித்தவள், பங்களா ஓட்டல் ஒன்றில் ‘ஹவுஸ்கீப்பிங் டிரெய்னி’ என்று வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாள் வேலை, கையில் 6,000 ரூபாய். காலை ஏழு மணிக்கு வந்தால், சாப்பாட்டு நேரம் போகப் பத்து மணி நேரம் வேலை: படுக்கை விரிப்பு மாற்றுவது, குளியலறை கழுவுவது, முற்றம் துடைப்பது. சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லை, பாடமும் இல்லை. ஒப்பந்தம் எதுவும் தளத்தில் ஏறவில்லை.

அந்த வேலைக்கான குறைந்தபட்ச ஊதியம், கணக்குக்காக, மாதம் 12,000 என்று கொள்வோம். உண்மைத் தொகை, பஞ்சப்படி சேர்த்து, தமிழக அரசு தொழில்வாரியாக வெளியிடுவது. முதல் குறைவு மாதம் 6,000. அடுத்தது ஓவர்டைம். 12,000-ஐ 26-ஆல் வகுத்து, எட்டு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்குச் சுமார் 57 ரூபாய் 70 காசு. எட்டு மணிக்கு மேல் பார்க்கும் நேரத்துக்கு இரட்டிப்பு என்பதால் 115 ரூபாய் 40 காசு. தினம் இரண்டு மணி நேரம், 26 நாளுக்கு 52 மணி நேரம், அதற்கு ஏறத்தாழ இன்னொரு 6,000. ஆக மாதம் 18,000 வாங்க வேண்டியவள் 6,000-த்தோடு வீட்டுக்குப் போகிறாள். எட்டு மாதத்தில் நிலுவை 96,000 ரூபாய். ஓட்டலில் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால் ஈ.எஸ்.ஐ.யும், இருபது பேரோ அதற்கு மேலோ என்றால் பி.எஃப்.பும் இதற்கு வெளியே தனிக் கடன்.

பதிவு பெற்ற பழகுநருக்கும் இந்தப் பக்கத்துக்கு நழுவும் ஓர் இடம் உண்டு. ஒப்பந்தம் முடிந்த பிறகு அவரை வேலைக்கு எடுத்தே தீர வேண்டும் என்று, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் ஒழிய, சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் முடியும் தேதிக்கு மறுநாளும் அதே லேத்தில் நிற்க வைத்தால், அன்றிலிருந்து 7,000 செல்லாது, அது ஊதியக் கணக்கு. ‘ஆர்டர் அப்புறம் வரும்’ என்று மாதக்கணக்கில் இழுப்பது இங்கேதான் நடக்கிறது.

ஒப்பந்தம் உள்ளவரின் உதவித்தொகைத் தகராறு தொழிற்பழகுநர் ஆலோசகரிடம் போக வேண்டும். அதற்கு முதலில் அணுக வேண்டியது மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகம். ஒப்பந்தம் இல்லாத மீனாளைப் போன்றவர்கள் தொழிலாளர் துறையிடம் போக வேண்டும், புதிய தொகுப்பில் ஊதிய நிலுவை கேட்க மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. செட்டிநாடு இரண்டு மாவட்டத்தில் கிடக்கிறது என்பதால், வேலை பார்த்த இடம் கானாடுகாத்தான் என்றால் சிவகங்கை அலுவலகம், கடியாபட்டி என்றால் புதுக்கோட்டை அலுவலகம். கையில் சம்பளம் வாங்கியவருக்கு ரசீது இருக்காது. டூட்டி போட்ட வாட்ஸ்அப் செய்தி, ஷிப்ட் அட்டவணையின் படம், ஐடி கார்டு, ஒரு மாதமாவது ஜிபேயில் வந்த வரவு ஆகியவற்றை வேலையில் இருக்கும்போதே தன் போனில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். வேலையை விட்ட அன்றே குரூப்பிலிருந்து நீக்கிவிடுவார்கள்.