பட்டையகலம்: சிக்னலைக் கூட்டிக்கொண்டே போனால் வேகமும் கூடிக்கொண்டே போகுமா?

சிங்கப்பூரில் ‘பேண்ட்வித்’ என்ற சொல்லைக் கேட்காத நாளே இல்லை. அலுவலகத்தில் ‘இந்த வாரம் எனக்கு பேண்ட்வித் இல்லை’ என்றால் நேரமில்லை என்று பொருள். வீட்டுக்கு இணையம் வாங்கும்போது ‘எவ்வளவு பேண்ட்வித்?’ என்று கேட்டால் நொடிக்கு எத்தனை மெகாபிட் என்று பொருள். ஆனால் பொறியாளர்கள் இந்தச் சொல்லை உருவாக்கியபோது இந்த இரண்டையும் நினைக்கவில்லை. அவர்களுக்கு அது ஓர் அகலம். அதை அளக்கும் அலகு ஹெர்ட்ஸ்.

‘பேண்ட்’ என்றால் பட்டை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஒரு வானொலி நிலையத்தின் அலை ஒரே ஓர் அதிர்வெண்ணில் நிற்பதில்லை, அதைச் சுற்றி இருபுறமும் கொஞ்சம் பரவுகிறது என்று பொறியாளர்கள் கண்டார்கள். பேச்சையோ பாட்டையோ ஏற்றினால் அலை பரவித்தான் ஆக வேண்டும். அப்படிப் பரவியிருக்கும் பட்டை எவ்வளவு அகலம் என்பதே பேண்ட்வித். 1928இல் ரால்ஃப் ஹார்ட்லி என்ற அமெரிக்கப் பொறியாளர், அனுப்பக்கூடிய தகவலின் அளவு இந்த அகலத்தையும் நேரத்தையும் பொறுத்துக் கூடுகிறது என்று காட்டினார். அகலமும் வேகமும் அப்போது கைகோத்துக்கொண்டன. பிறகு மக்கள் பேச்சில் ஒன்றின் பெயர் மற்றொன்றுக்கு ஒட்டிக்கொண்டது.

தமிழில் செய்திகள் வழியாக நமக்குப் பழகிய ‘அலைக்கற்றை’ வேறு பொருள். அது அரசாங்கம் ஏலம் விடுகிற மொத்த அதிர்வெண் வளம். அதிலிருந்து ஒருவர் எடுத்துக்கொள்ளும் பங்கின் அகலத்தைப் பட்டையகலம் என்பதே சரி என்று நினைக்கிறேன். ‘கற்றை அகலம்’ என்றும் எழுதுகிறார்கள், தவறில்லை. ஆனால் கற்றை என்றதும் கட்டு நினைவுக்கு வருகிறது, பட்டை என்றதும் அகலம் நினைவுக்கு வருகிறது. மெகாபிட் கணக்கைச் சொல்ல ‘தரவு வேகம்’ போதும். இந்த இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்வது முக்கியம். பிரிக்காவிட்டால், ‘ரவுட்டரின் சக்தியை இன்னும் கூட்டினால் இன்னும் வேகம் வருமே, ஏன் செய்வதில்லை?’ என்று ஒரு மாணவர் கேட்கும் நல்ல கேள்விக்குப் பதில் சொல்லவே முடியாது.

பதிலுக்கு முதலில் இன்னொரு சொல் வேண்டும்: இரைச்சல். நமக்கு வாய்த்த அருமையான சொல் இது. மழை இரைகிறது, கடல் இரைகிறது; ஓயாமல் இருக்கும், அதில் சேதி ஒன்றும் இருக்காது. மின்சுற்றிலும் அப்படித்தான். கம்பியிலும் ஆன்டெனாவிலும் உள்ள எலக்ட்ரான்கள் வெப்பத்தால் ஓயாமல் துடித்துக்கொண்டே இருக்கின்றன. அந்தத் துடிப்பு ஒரு சிறு மின்னழுத்தமாக எல்லா அதிர்வெண்களிலும் பரவி நிற்கிறது. ஜான்சன் என்பவர் அதை அளந்தார். நைக்விஸ்ட் அதற்குக் கணக்குச் சொன்னார். இரண்டும் 1928இல் வெளியாயின. அறை வெப்பநிலையில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள பட்டைக்குள் சேரும் வெப்ப இரைச்சல், ஒரு வாட்டைப் பத்து லட்சம் கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்கைவிடச் சற்றுக் குறைவு. இவ்வளவு சிறியதா என்று தோன்றும். ஆனால் ரவுட்டரிலிருந்து சுவர் தாண்டி வந்து சேரும் சிக்னலும் அப்படிச் சிறியதுதான். ஏர்கானைப் போட்டு 30 டிகிரியை 20 டிகிரி ஆக்கினால் இந்த இரைச்சல் 3 விழுக்காடுதான் குறையும், ஏனென்றால் இயற்பியல் கணக்கு பூச்சியக் கெல்வினிலிருந்து, அதாவது ஏறக்குறைய −273 டிகிரியிலிருந்து, தொடங்குகிறது.

இப்போது ஒரு வைஃபை இணைப்பை எடுத்துப் பார்ப்போம். பட்டையகலம் 20 மெகாஹெர்ட்ஸ். இவ்வளவு அகலத்தில் ஒன்றோடொன்று கலக்காமல் நொடிக்கு 4 கோடி தனித்தனி மதிப்புகளை அனுப்பலாம். அகலத்தின் இரு மடங்கு, அதற்கு மேல் முடியாது. ஒவ்வொரு மதிப்பும் ஒரு மின்னழுத்த அளவு. பெறும் இடத்தில் இரைச்சல் அந்த அளவை மேலும் கீழுமாக 1 அலகு ஆட்டுகிறது, சிக்னலின் வீச்சு 32 அலகு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஏறக்குறைய 32 படிகளைத்தான் குழப்பமில்லாமல் பிரித்தறிய முடியும். அதைவிட நெருக்கமாகப் படிகளை வைத்தால், இது பத்தாவது படியா பதினொன்றாவது படியா என்று தெரியாமல் போய்விடும். ஐந்து இரண்டுகளைப் பெருக்கினால் 32, ஆக 32 படிகள் என்றால் 5 பிட். நொடிக்கு 4 கோடி முறை, முறைக்கு 5 பிட்: நொடிக்கு 200 மெகாபிட்.

சரி, 6 பிட் வேண்டும். அதற்கு 64 படிகள் தேவை, ஆக வீச்சு இரு மடங்காக வேண்டும். இங்கேதான் விஷயமே இருக்கிறது. உயர்நிலைப்பள்ளியில் படித்த P = V²/R நினைவிருக்கும். மின்னழுத்தம் இரு மடங்கானால் சக்தி நான்கு மடங்காக வேண்டும். ரவுட்டர் முதலில் 0.1 வாட் அனுப்பியது என்றால் இப்போது 0.4 வாட். கிடைத்தது கூடுதலாக ஒரு பிட், அதாவது 40 மெகாபிட். அடுத்த 40 மெகாபிட்டுக்கு 1.6 வாட். அதற்கடுத்து 6.4, அப்புறம் 25.6. தொடக்க வேகத்தை இரு மடங்காக்கி 400ஐத் தொட 102.4 வாட் ஆகிவிடும். சக்தி ஆயிரம் மடங்கு, வேகம் இரண்டே மடங்கு. இன்னொரு முறை இரு மடங்காக்க நினைத்தால் ஒரு லட்சம் கிலோவாட்டுக்கு மேல் போக வேண்டும்.

இந்த ஏணியை 1948இல் கிளாட் ஷனான் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் ஒரே வரியில் எழுதிவிட்டார்:

```
C = B × log₂(1 + S/N)
```

C என்பது பிழையில்லாமல் அனுப்பக்கூடிய உச்ச வேகம், B பட்டையகலம், S சிக்னலின் சக்தி, N இரைச்சலின் சக்தி. அடிஷனல் மேத்ஸ் படிக்கும் மாணவருக்கு log என்கிற மடக்கை புதிதல்ல. வீச்சு 32 மடங்கு என்றால் சக்தி ஏறக்குறைய 1000 மடங்கு. S/N என்ற இடத்தில் 1000 போட்டால் அதே 200 வரும். சக்தியை இரு மடங்காக்கி 2000 போட்டால் 219தான் வரும். சக்தி மடக்கைக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது, பட்டையகலம் வெளியே நின்று நேரடியாகப் பெருக்குகிறது.

ஆகவே அதே 0.1 வாட்டை வைத்துக்கொண்டு பட்டையை 40 மெகாஹெர்ட்ஸ் ஆக்கிப் பார்க்கலாம். அகலம் கூடியதால் உள்ளே வரும் இரைச்சலும் இரு மடங்காகும், S/N 500 ஆகக் குறையும். அப்படியும் வேகம் 359 மெகாபிட். சக்தியை மட்டும் கூட்டி இதே இடத்துக்கு வர 25.6 வாட் தேவைப்பட்டது. ஆனால் இதற்கும் முடிவு உண்டு. சக்தியை மாற்றாமல் பட்டையை விரித்துக்கொண்டே போனால் இரைச்சலும் கூடவே வளரும். வேகம் ஓர் எல்லையை நெருங்குமே தவிர அதைத் தாண்டாது.

வீவக அடுக்குமாடியில் இந்த எல்லைக்கு முன்பே வேறொரு எல்லை வந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் ஒன்றோடொன்று மேலே விழாதவை என்று வழக்கமாகப் பயன்படுத்தும் 20 மெகாஹெர்ட்ஸ் தடங்கள் மூன்றுதான்: 1, 6, 11. மேல் வீடு, கீழ் வீடு, இரண்டு பக்கத்து வீடுகள் எல்லாம் பெரும்பாலும் அந்த மூன்றுக்குள்தான் இருக்கும். பக்கத்து வீட்டு வைஃபை உங்கள் ரவுட்டருக்குக் குறுக்கீடு, உங்களுடையது அவர்களுக்குக் குறுக்கீடு. எல்லோரும் சக்தியைப் பத்து மடங்கு கூட்டினால் S/N என்ற விகிதத்தில் மேலே உள்ள சிக்னலும் கீழே சேரும் குறுக்கீடும் ஒன்றாகவே கூடும், விகிதம் இருந்த இடத்திலேயே இருக்கும். அனுப்பும் சக்திக்கு உச்சவரம்பு வைத்திருப்பதில் இந்தக் காரணமும் இருக்கிறது.

மூன்றாவது சொல் பண்பேற்றம். ஒலி 96.8ஐப் பண்பலை என்கிறோமே, அதிலிருக்கும் அதே ‘பண்பு’தான். சுமந்து செல்லும் அலையின் ஏதாவது ஒரு பண்பை, அதன் வீச்சையோ, அதிர்வெண்ணையோ, சுற்றில் அது நிற்கும் இடமான கட்டத்தையோ, சேதிக்குத் தக்கபடி மாற்றுவது பண்பேற்றம். ‘மாடுலேஷன்’ என்ற சொல்லைவிட இது விஷயத்தை நேராகச் சொல்கிறது. மேலே சொன்ன படிகளை அலையில் ஏற்றுவது இதன் வேலை. வைஃபை ஒரே அதிர்வெண்ணில் கால் சுற்று தள்ளி நிற்கும் இரண்டு அலைகளைச் சேர்த்து அனுப்புகிறது. ஒவ்வொன்றிலும் 16 படிகள் என்றால் மொத்தம் 256 புள்ளிகள், 8 பிட். வைஃபை 5 அதுவரை போனது. வைஃபை 6 ஒவ்வோர் அலையிலும் 32 படிகள் வைத்து 1024ஐத் தொட்டது, வைஃபை 7 64 படிகளோடு 4096க்குப் போனது. ஒவ்வொரு தலைமுறையிலும் அலைக்குக் கூடியது ஒரு பிட்தான் என்பதைக் கவனியுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண்கள் பெரும்பாலும் அகலமான பட்டையாலும், பல ஆன்டெனாக்கள் ஒரே நேரத்தில் தனித்தனிப் பாதைகளாக அனுப்புவதாலும் வருபவை.

புள்ளிகள் நெருங்கும்போது சக்தி எதிரியாகவும் மாறலாம். ரவுட்டருக்குள் இருக்கும் பெருக்கியை அதன் எல்லைவரை இயக்கினால் அது பெரிய வீச்சுகளைச் சரியாகப் பெருக்காது. 4096 புள்ளிகளில் ஓரத்தில் இருப்பவை உள்பக்கமாக நசுங்கி, அடுத்த புள்ளியோடு ஒட்டிக்கொள்ளும். சிக்னல் பலமாகத்தான் வரும், ஆனால் படிக்க முடியாது. அதனால் நெருக்கமான பண்பேற்றத்தில் அனுப்பும்போது ரவுட்டர்கள் சக்தியைத் தாங்களே குறைத்துக்கொள்வதும் உண்டு.

அப்படியென்றால் சக்தியால் பயனே இல்லையா? உண்டு, சிக்னல் பலவீனமாக இருக்கும் இடத்தில். மேக் கணினி இருந்தால் இதைக் கண்ணால் பார்க்கலாம். `Option` விசையை அழுத்தியபடி வைஃபை படத்தைச் சொடுக்கினால் `RSSI`, `Noise`, `Tx Rate` என்ற வரிகள் வரும். `RSSI` −60, `Noise` −90 என்றால் இடைவெளி 30. ஒவ்வொரு 10க்கும் பத்து மடங்கு என்பதால் 30 என்றால் 1000 மடங்கு, நாம் கணக்குப் போட்ட அதே நிலை. இனி, பல வீடுகளில் செய்வதுபோல ரவுட்டரை பாம் ஷெல்டருக்குள் வைத்துவிட்டோம் என்று கொள்வோம். அதன் சுவர் தடித்த கான்கிரீட், உள்ளே இரும்புக் கம்பிகள். `RSSI` −80க்கு இறங்கினால் S/N வெறும் 10, உச்ச வேகம் 69 மெகாபிட். இந்த நிலையில் சக்தியை இரு மடங்காக்கினால் 88 வரும். முன்பு பத்து விழுக்காடு தந்த அதே மாற்றம் இப்போது இருபத்தேழு விழுக்காடு தருகிறது. விண்மீன்களுக்கு இடையிலான வெளியை எட்டிய வாயேஜர் விண்கலத்திலிருந்து வருவதுபோல் சிக்னல் மிக மிகப் பலவீனமானால், இரு மடங்கு சக்திக்குக் கிட்டத்தட்ட இரு மடங்கு வேகமே கிடைக்கும்.

வீட்டில் அதற்கெல்லாம் தேவையில்லை. ரவுட்டரை ஷெல்டரிலிருந்து வெளியே எடுத்து ஹாலில் வைத்துவிட்டு, அந்த வரிகளை மறுபடி பாருங்கள். −80 மீண்டும் −60 ஆனால், கூடுதலாக ஒரு மில்லிவாட்கூட அனுப்பாமல் சிக்னல் நூறு மடங்காகிவிட்டது, 69 மறுபடி 200 ஆகிவிட்டது. `Tx Rate` இதைவிடக் குறைவாகக் காட்டினால் பதற வேண்டாம். ஷனான் சொன்னது எந்தக் கருவியாலும் தாண்ட முடியாத உச்சம். உண்மையான கருவி பிழை திருத்தும் பிட்டுகளுக்கும் ஒரு பங்கு ஒதுக்கியாக வேண்டும். அதிகமாகக் காட்டினால், உங்கள் ரவுட்டர் அகலமான பட்டையிலோ ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகளிலோ அனுப்புகிறது. பட்டையகலம் எவ்வளவு என்பதை அதே பட்டியலில் `Channel` என்ற வரி காட்டும்.