தேங்காய்த் துருவலில் கொழுப்பு 63 சதவீதமா, 33 சதவீதமா?

உறைநிலையில் வைத்த தேங்காய்த் துருவலைப் பாக்கெட் போட்டு விற்கும் மகளிர் குழுவைச் சேர்ந்த ஒருவர் ஒரு பரிசோதனை அறிக்கையோடு எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார். "மேடம், எங்க துருவல்ல கொழுப்பு 63 சதவீதம்னு வந்திருக்கு. இதையே லேபிள்ல அடிச்சிடலாமா?" என்று கேட்டார். அந்த எண் தவறில்லை. ஆனால் அது பாக்கெட்டில் இருக்கும் துருவலின் எண் இல்லை. எப்படி என்று புரிய, கொழுப்பை எப்படி அளக்கிறோம் என்பதைப் பார்க்க வேண்டும்.

அளப்பது பெரும்பாலும் சாக்ஸ்லெட் கருவியில்தான். ஃபிரான்ஸ் ஃபான் சாக்ஸ்லெட் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், பாலின் கொழுப்பை அளக்க 1879-ல் வெளியிட்ட கருவி அது. கீழே ஒரு குடுவை, அதில் பெட்ரோலியம் ஈதர். நடுவில் மாதிரி வைத்த காகிதக் குழல். அதைத் திம்பிள் என்போம். மேலே ஆவியைக் குளிர்விக்கும் கண்டென்சர். கொதித்து மேலேறும் ஈதர் குளிர்ந்து மாதிரியின் மேல் சொட்டும். நடுக்குழாய் நிரம்பியதும் எண்ணெயைக் கரைத்துக்கொண்டு மொத்தமாகக் கீழே இறங்கும். மறுபடி கொதிப்பது சுத்தமான ஈதர் மட்டும். எண்ணெய் குடுவையிலேயே தங்கிவிடும். இது 6 முதல் 8 மணி நேரம் நடக்கும்.

ஈதர் தண்ணீரோடு கலக்காது. ஈரத் துருவலை அப்படியே வைத்தால் ஈரத்தைத் தாண்டி ஈதர் உள்ளே போகாது, கொழுப்பு குறைவாக வரும். அதனால்தான் முதலில் காய வைக்கிறோம். குழப்பம் தொடங்குவதும் இங்கேதான்.

அவர் கொண்டுவந்த பாக்கெட்டை நாங்களே செய்து பார்த்தோம். 10.00 கிராம் துருவலை 105 டிகிரி ஓவனில் எடை மாறாத வரை காய வைத்ததில் மிஞ்சியது 5.30 கிராம். அதாவது ஈரம் 47 சதவீதம். காய்ந்ததில் 3.000 கிராமைத் திம்பிளில் வைத்தோம். வெற்றுக் குடுவையின் எடை 112.450 கிராம். ஈதரை வெளியேற்றி, காய வைத்து, ஆற வைத்த பின் 114.342 கிராம். வித்தியாசம் 1.892 கிராம், அதுதான் கொழுப்பு.

1.892 ÷ 3.000 × 100 = 63.1

சரி, அதே 63 வந்துவிட்டது. ஆனால் இது தண்ணீரை நீக்கிய துருவலின் கணக்கு. பாக்கெட்டில் 100 கிராம் இருந்தால் காய்ந்த பகுதி 53 கிராம்தான்.

63.1 × 53 ÷ 100 = 33.4

லேபிளில் 100 கிராமுக்கு எழுத வேண்டியது 33.4 கிராம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம்!

காய்ந்த தேங்காயில் இன்னொரு சிக்கலும் உண்டு. மிக்ஸியில் அரைத்தால் எண்ணெய் கசிந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும், மாதிரியில் அளவு குறையும். அரைக்காமல் பெரிய துண்டாக வைத்தாலும் உள்ளே இருக்கும் எண்ணெய் முழுதாக வராது. சுத்தமான மணல் சேர்த்துக் கல்வத்தில் நசுக்கி, ஒட்டியதை ஈதரில் நனைத்த பஞ்சால் துடைத்து, அந்தப் பஞ்சையும் திம்பிளுக்குள் போடுவது என் வழக்கம். மாதிரியின் மேல்மட்டம், ஈதர் இறங்கும் வளைகுழாயின் உச்சிக்குக் கீழே இருக்க வேண்டும். உயர்ந்தால் மேல்பகுதி நனையாமலே நின்றுவிடும்.

எண்ணெய் முழுதும் வந்துவிட்டதா என்று அறிய, இறங்கும் ஈதரில் ஒரு சொட்டை வடிதாளில் விட்டு உலர விடுங்கள். எண்ணெய்க் கறை தெரிந்தால் இன்னும் ஓட்ட வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் குடுவை முழுதாக ஆறும் முன் தராசில் வைத்துவிட்டேன். சூடான பொருள் சுற்றியுள்ள காற்றை மேலே தள்ளுவதால் எடை குறைவாகக் காட்டும். 3 கிராம் மாதிரியில் 30 மில்லிகிராம் பிசகினாலே விடை ஒரு சதவீதம் மாறிவிடும். அன்றிலிருந்து டெசிகேட்டர் என்னும் ஈரம் புகாத மூடிய கலத்தில் நன்றாக ஆற வைத்த பிறகுதான் எடை போடுகிறேன். ஈதர் மிச்சம் இருந்தால் எடை கூடும், வாசனையே காட்டிக்கொடுக்கும். ஈதர் மிச்சம் இருக்கும் குடுவையை ஓவனில் வைத்தால் தீப்பிடிக்கலாம். ஈதர் இருக்கும் அறையில் திறந்த நெருப்பே கூடாது.

இந்த முறை எல்லா உணவுக்கும் பொருந்தாது. ரொட்டி, பிஸ்கட் போன்றவற்றில் கொழுப்பின் ஒரு பகுதி மாவோடும் புரதத்தோடும் பிணைந்திருக்கும். முதலில் அமிலத்தில் கொதிக்க வைத்து அதைப் பிரித்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் எண் குறைவாகவே வரும்.

அந்த அக்காவின் அறிக்கையில் 63-க்கு எதிரே சின்ன எழுத்தில் 'ஆன் டிரை பேசிஸ்', அதாவது உலர் எடையில், என்று இருந்தது. அதைக் காட்டிக் கணக்கைச் சொன்னதும், அடுத்த வரியில் இருந்த ஈர அளவைப் பார்த்து அவரே 33.4 என்று எழுதிக்கொண்டார். உங்கள் அறிக்கையில் அந்தச் சொல் இல்லையென்றால், எந்த எடையில் கணக்கிட்டார்கள் என்று கேட்டுவிட்டு லேபிள் அச்சுக்குக் கொடுங்கள்.