சார்ஜ் போட்டால் மட்டும் கேட்கும் மைக்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், எங்கள் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன்பிடித் தடைக்காலம். வலை பழுது பார்ப்பது, படகுக்குப் பெயின்ட் அடிப்பது போக மிச்ச நேரம் இளவட்டங்களுக்கு ஃபோனில்தான் கழியும். பாம்பனில் செல்ஃபோன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் எனக்கு அந்த இரண்டு மாதமும் ஒரே புகார்தான் திரும்பத் திரும்ப வரும். "அண்ணே, கேம்ல நான் பேசுறது யாருக்கும் கேக்கல, மைக் போச்சு." வருகிற பல ஃபோன்களில் மைக் நன்றாகவே இருக்கும். இது தெரியாமல் காசு கொடுத்து பாகத்தை மாற்றிவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் மனசு கேட்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

போன தடைக்காலத்தில் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி வந்தான். படகில் வேலை பார்க்கிறவன். அவனுடைய மச்சான் துபாயில் இருக்கிறார். ராத்திரியானால் இருவரும் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு துப்பாக்கி விளையாட்டு ஆடுவார்கள். ஒரு மாதமாக இவன் பேசுவது அந்தப் பக்கம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறதாம், பாதி வார்த்தை விழுங்கிவிடுகிறதாம். வேறொரு கடையில் காட்டி சிசி போர்டை மாற்றியிருக்கிறான். சார்ஜிங் பின் இருக்கும் அந்தச் சின்ன போர்டில்தான் பல ஃபோன்களில் மைக்கும் ஒட்டியிருக்கும். மாற்றியும் அதே கதை. சாதாரணமாகக் கால் பேசினால் ஒரு குறையும் இல்லை.

போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னான். "சார்ஜ் போட்டுக்கிட்டு ஆடுனா மட்டும் நல்லாக் கேக்குதாம்ணே. அதை வச்சுத்தான் அந்தக் கடையில போர்டு கோளாறுன்னு சொன்னாங்க." எனக்கு இந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. ஒயரைச் சொருகினால் மைக்குக்கு உயிர் வருவதில்லை. ஒயரின் தலை அங்கே துருத்திக்கொண்டு நிற்பதால் உள்ளங்கை அந்த விளிம்பில் ஒட்ட முடியாது, அவ்வளவுதான்.

ஃபோனைத் திரை உங்களைப் பார்க்கிற மாதிரி நேராக நிமிர்த்திப் பிடித்துப் பாருங்கள். அடி விளிம்பின் நடுவில் சார்ஜிங் துளை. அதற்கு ஒரு பக்கம் வரிசையாகச் சின்னத் துளைகள், அதுதான் நாங்கள் ரிங்கர் என்று சொல்கிற பெரிய ஸ்பீக்கர். இன்னொரு பக்கம் ஊசி முனை அளவுக்கு ஒற்றைத் துளை, அதுதான் பேசுகிற மைக். சில மாடல்களில் அழகுக்காக இந்தப் பக்கமும் வரிசையாகத் துளை போட்டிருப்பார்கள். மேல் விளிம்பில் இரண்டாவது மைக் ஒன்று இருக்கும். கேமராவுக்குப் பக்கத்தில் மூன்றாவதும் இருக்கலாம். ஃபோனைக் காதோடு வைத்துப் பேசும்போது அடி விளிம்பை யாரும் மறைப்பதில்லை. துளைகள் அந்தப் பழக்கத்துக்காக வைக்கப்பட்டவை. படுக்கைவாட்டில் திருப்பியதும் அதே அடி விளிம்பு நேராக ஒரு உள்ளங்கைக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது.

அவன் ஃபோனில் நிமிர்த்திப் பிடித்தால் ஸ்பீக்கர் வலப்பக்கம், மைக் இடப்பக்கம். விளையாடும்போது ஃபோனின் தலை இடது கையில், அடி வலது கையில். அப்படித் திருப்பினால் ஸ்பீக்கர் வலது விளிம்பின் மேல் பாதிக்கு வரும், மைக் கீழ்ப் பாதிக்கு வரும். வலது கட்டைவிரலைத் திரையில் ஓட்ட வேண்டுமானால் மணிக்கட்டுக்கு மேலே இருக்கும் சதைப்பற்றான மேடு விளிம்பின் கீழ்ப் பாதியில் அழுந்தியே ஆகவேண்டும். மைக் துளை சரியாக அங்கேதான்.

அவனுக்கு நம்பிக்கை வரவேண்டுமே. ரெக்கார்டரைத் திறந்து மூன்று தடவை பேசச் சொன்னேன். ஒன்று முதல் இருபது வரை, அதே தூரம், அதே குரல். முதலில் ஃபோன் மேசைமேல். அடுத்து விளையாடுகிற பிடி. மூன்றாவது, அதே பிடியை 180 டிகிரி திருப்பி, தலை வலது கைக்கு வருகிற மாதிரி. திரையில் ஓடும் கோடுகளைப் பார்த்தாலே தெரிந்தது. முதல் தடவை மீன் முள் மாதிரி உயர உயரமாக எழுந்தது, இரண்டாவது தடவை எறும்பு ஊர்ந்த மாதிரி கிடந்தது, மூன்றாவதில் மறுபடியும் எழுந்தது. போட்டுக் கேட்டால் இரண்டாவதில் 'ச', 'த' எல்லாம் மழுங்கி, இடையிடையே தோல் உரசுகிற கரகர சத்தம். கையால் மூடினால் முதலில் போவது இந்தக் கூர்மையான ஒலிகள்தான். தடித்த ஒலி எப்படியாவது உள்ளே வந்துவிடும். கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி என்று அவன் மச்சான் சொன்னது இதைத்தான்.

வார்த்தை விழுங்குவதற்கு வேறு காரணம். பல ஃபோன்களில் அடி மைக்கில் பேச்சை எடுத்து, மேல் மைக்கில் வருவதை வெளி இரைச்சல் என்று கணக்கு வைத்துக் கழிக்கும் ஏற்பாடு இருக்கிறது. அடி மைக்கைக் கை மூடிவிட்டால் உங்கள் குரல் அதைவிட மேல் மைக்கில் பலமாக விழும். இரைச்சல் என்று நினைத்து உங்கள் பேச்சையே வெட்டத் தொடங்கிவிடும். கச்சான் காற்று வீசுகிற நேரத்தில் கரையில் உட்கார்ந்து ஆடினால் இது இன்னும் மோசம்.

மச்சானுக்கு இன்னொரு தொல்லையும் இருந்ததாம், அவர் பேசுவது அவருக்கே திரும்பக் கேட்பது. இதற்கும் கைதான் காரணம். உள்ளங்கையைக் கிண்ணம் மாதிரிக் குவித்து விளிம்பை அணைத்துப் பிடித்தால், ஸ்பீக்கரிலிருந்து வருகிற ஒலி வெளியே போகாமல் அந்தக் குழிக்குள்ளேயே ஓடி மைக்கில் நுழையும். இரண்டு துளைக்கும் நடுவில் இருப்பது சார்ஜிங் துளை மட்டும்தானே. எதிரொலியை அழிக்கும் வேலையை ஃபோன் செய்யத்தான் செய்கிறது. ஆனால் இவ்வளவு பலமாக வருவதை அதனால் முழுக்க அழிக்க முடியாது. எதிரொலி வருகிறது என்று எதிர்முனையில் சொன்னால் முதலில் சத்தத்தைக் குறைத்து, கையை விரித்துப் பாருங்கள்.

சரி, 180 டிகிரி திருப்பி ஆடினால் தீர்ந்ததா? இல்லை. அவன் ஃபோனில் அப்படித் திருப்பினால் மைக் மேலே போய்த் திறந்துகொள்கிறது. ஆனால் ஸ்பீக்கர் இடது விளிம்பின் கீழ்ப் பாதிக்கு வந்து இடது உள்ளங்கைக்குள் போய்விடுகிறது. ஒற்றை ஸ்பீக்கர் உள்ள ஃபோன் என்றால் மொத்தச் சத்தமும் அமுங்கிவிடும். இரட்டை ஸ்பீக்கர் ஃபோனில் காதுக்கான சின்ன ஸ்பீக்கரும் ஒரு பக்கச் சத்தத்தைக் கொடுக்கும். அப்போது பெரிய ஸ்பீக்கரை மூடினால் ஒரு பக்கம் மட்டும் மங்கும். எதிரி இடமிருந்து வருகிறானா வலமிருந்து வருகிறானா என்று காலடிச் சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாமல் போவது இதனால்தான். சத்தத்தைக் கடைசிவரை ஏற்றி வைப்பார்கள், இருந்தும் திசை தெரியாது.

உங்கள் ஃபோனில் ஸ்பீக்கரும் மைக்கும் இடம் மாறியிருக்கலாம். அப்படியானால் நான் சொன்னதெல்லாம் தலைகீழாகும். அதனால் மாடலைக் கேட்டு முடிவு செய்யாமல் மூன்று தடவை பதிவு செய்து பார்ப்பதே நல்லது. அப்புறம் ஸ்பீக்கரில் போட்டு ஒரு கால் பேசியும் பாருங்கள், விளையாடுகிற பிடியிலேயே. இரைச்சலைக் கழிக்கும் வேலை பல ஃபோன்களில் காலில்தான் நடக்கும், ரெக்கார்டரில் நடக்காது.

அந்தத் தம்பிக்குப் பழைய பக்கத்தையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். பிடியை மட்டும் மாற்றினோம். இரண்டு சுண்டுவிரலையும் ஃபோனின் கீழ் நீள விளிம்புக்கு அடியில் கொடுத்தால் எடை அதில் இறங்கிவிடும். உள்ளங்கை குறுக்கு விளிம்பை நெருக்கிப் பிடிக்கத் தேவையில்லை, ஒரு அரிசி மணி அளவு இடைவெளி கிடைத்தால் போதும். கவரையும் மாற்றினான். பழைய கவரில் மைக்குக்குத் தனியாக ஒரு பொட்டுத் துளை, அதுவும் சற்றே விலகியிருந்தது. புதியதில் ஸ்பீக்கர், சார்ஜிங், மைக் மூன்றுக்கும் சேர்த்து நீளமாக ஒரே திறப்பு. பொட்டுத் துளையை ஒரு ரேகை மூடிவிடும், நீளத் திறப்பை முழுக்க மூடுவது கஷ்டம். மைக் வைத்த ஒயர் இயர்ஃபோன் போட்டால் ஃபோனின் மைக்கே வேலை செய்யாது, பிரச்சனையும் இல்லை. ஆனால் அந்த ஜாக்கும் பல ஃபோன்களில் அதே விளிம்பில் இருப்பதால், நேராக நீட்டிக்கொண்டிருக்கும் முனை உள்ளங்கையைக் குத்தும். 'எல்' மாதிரி வளைந்த முனையாகப் பார்த்து வாங்குங்கள்.

பத்து நாள் கழித்து அவனே இன்னொரு பையனைக் கூட்டி வந்தான். நான் ஃபோனை வாங்குவதற்கு முன்னாலேயே, "மேசையில வச்சும் பேசிப் பாத்துட்டோம்ணே, அப்பவும் அடைக்குது" என்றான். எனக்கு அவ்வளவு சந்தோஷம். கை மறைப்பு என்றால் கையை எடுத்ததும் குரல் தெளிந்துவிடும். கையை எடுத்தும் தெளியவில்லை என்றால் துளையே அடைத்திருக்கிறது அல்லது மைக் கெட்டிருக்கிறது. அப்போதுதான் கடைக்கு வரவேண்டும்.

மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். மைக் துளையின் வாயில் வெள்ளையாக ஒரு பொருக்கு, அதில் ஒட்டிய மணல். கடல் வேலை பார்க்கிற கையில் உப்பு எப்போதும் இருக்கும். வியர்வையில் அது கரைந்து, அழுத்திப் பிடிக்கிற இடத்திலெல்லாம் படிந்து, காய்ந்து இறுகிவிடும். ஸ்பீக்கர் வலையிலும் அதே மாதிரிதான் படிந்திருந்தது. "சிம் பின்னால குத்துனியா?" என்று கேட்டேன். குத்தவில்லை என்றான், நல்லவேளை. துளைக்குப் பின்னால் மெல்லிய வலையும் அதற்குப் பின்னால் மைக்கின் சவ்வும் இருக்கின்றன. சிம் பின் அந்த வலையைக் கிழித்து உள்ளே போனால் அதன்பிறகு மைக்கை மாற்றத்தான் வேண்டும். ப்ளோயரால் காற்றடிப்பதும் அந்தச் சவ்வைக் கெடுக்கும்.

ஃபோனை அடி விளிம்பு கீழே பார்க்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டு, காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டித் தட்டித் துடைத்தேன். உதிர்ந்தது தரையில் விழவேண்டும், உள்ளே போகக்கூடாது. ஐந்து நிமிடம் ஆனது. மேசைமேல் வைத்து மறுபடியும் ஒன்று முதல் இருபது வரை சொல்லச் சொன்னேன். கோடுகள் எழுந்தன. பிறகு விளையாடுகிற மாதிரிப் பிடித்துச் சொல்லச் சொன்னேன், கொஞ்சம் தாழ்ந்தன. "சுண்டுவிரலைக் கீழ குடுடா" என்றான் கூட வந்த தம்பி.