டெல்லியில் தண்ணீர் பில் எகிறினால் முதலில் பார்க்க வேண்டியது தொகையை அல்ல, தேதியை

டெல்லியில் வாடகைக்கோ சொந்தமாகவோ இருக்கும் நம்மவர்கள் தண்ணீர் பில்லைப் பிரிப்பதே இல்லை. மாதம் 20 கிலோலிட்டர் வரை இலவசம், பில்லில் பூஜ்யம் என்று வரும், மடித்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிடுவார்கள். திடீரென்று ஒரு நாள் ஐயாயிரம் ரூபாய்க்கு பில் வந்தால் கை நடுங்குகிறது. கவுன்டருக்குப் போனால் "மீட்டர் ஓடியிருக்கு, கட்டுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். மீட்டர் ஓடியது உண்மையாகவே இருக்கலாம். எத்தனை நாளில் ஓடியது என்பதுதான் கேள்வி, அதை அங்கே யாரும் தானாக எடுத்துச் சொல்ல மாட்டார்கள்.

பின்னணி இவ்வளவுதான். டெல்லி ஜல் போர்டு வீட்டு இணைப்புகளுக்கு 2015 முதல் மாதம் 20 கிலோலிட்டர் வரை பில் இல்லாமல் கொடுக்கிறது. ஒரு கிலோலிட்டர் என்றால் 1000 லிட்டர், ஆக நாளுக்கு ஏறத்தாழ 667 லிட்டர். அதைத் தாண்டினால் 2018-இல் வந்த வீட்டுக் கட்டண அட்டவணைப்படி முதல் 20-க்கு கிலோலிட்டருக்கு 5.27 ரூபாய், அடுத்த 10-க்கு 26.36 ரூபாய், 30-க்கு மேல் 43.93 ரூபாய். இதோடு சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு நிலையான தொகையும், கழிவுநீருக்குத் தண்ணீர்க் கட்டணத்தில் 60 சதவீதமும் சேரும். உங்கள் பில்லில் வேறு விகிதம் அச்சாகியிருந்தால் அதையே வைத்துக் கணக்குப் போடுங்கள், போடும் முறை மாறாது.

முதல் பொறி இங்கேயே இருக்கிறது. 20 வரை இலவசம் என்றால் 21 கிலோலிட்டர் செலவழித்தவர் அந்த ஒரு கிலோலிட்டருக்கு மட்டும் பணம் கட்டினால் போதும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, எல்லையைத் தாண்டியதும் சலுகை முழுவதும் போய்விடும். முதல் 20-க்கு 105.40, கூடுதல் ஒன்றுக்கு 26.36, ஆக தண்ணீருக்கு 131.76. கழிவுநீருக்கு அதில் 60 சதவீதம், 79.06. அந்த அடுக்குக்கான சர்வீஸ் சார்ஜ் 219.62. மொத்தம் 430.44 ரூபாய். பூஜ்யத்திலிருந்து 430-க்குத் தாண்டியது ஒரே ஒரு கிலோலிட்டரால்.

அதனால்தான் ரீடிங்கில் வரும் சின்னத் தவறு இந்த ஊரில் பெரிய பணமாகிறது. அதில் ஒரு தவறை மட்டும் கணக்கோடு சொல்கிறேன், மற்றதெல்லாம் இதன் உறவுக்காரர்கள்தான்.

ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி 5-ஆம் தேதி மீட்டரைப் பார்த்து 412 என்று எழுதிப் போனார்கள். அடுத்து மார்ச் 6-இல் வந்தபோது வீடு பூட்டியிருந்தது, ஊருக்குப் போயிருந்தார்கள், சராசரி பில் போட்டார்கள். மே 5-இலும் அதே கதை. ஜூலை 4-இல் ஒருவழியாக மீட்டரைப் பார்த்தார்கள், 520. வித்தியாசம் 108 கிலோலிட்டர். பில்லில் காலம் மே 5 முதல் ஜூலை 4 வரை என்று இருக்கிறது, 60 நாள், அதாவது இரண்டு மாதம். அப்படியானால் மாதத்துக்கு 54 கிலோலிட்டர் என்றாகிறது. தண்ணீர்க் கட்டணம் 105.40, 263.60, 1054.32 மூன்றும் சேர்ந்து 1423.32. கழிவுநீர் 853.99. சர்வீஸ் சார்ஜ் 292.82. மாதம் 2570 ரூபாய் சொச்சம், இரண்டு மாதத்துக்கு 5140.

இப்போது சரியாகப் போடுவோம். 412 எடுத்தது ஜனவரி 5-இல். ஜூலை 4 வரை 180 நாள், ஆறு மாதம். 108-ஐ ஆறால் வகுத்தால் மாதம் 18 கிலோலிட்டர். இலவச எல்லைக்குள்ளேதான் இருக்கிறது, பில் பூஜ்யம். அதே தண்ணீர், அதே மீட்டர், அதே குடும்பம், வகுத்த நாட்கள் மட்டும்தான் வேறு. ஆறு மாதத் தண்ணீரை இரண்டு மாதத்தில் அடைத்தால் எந்தக் குடும்பமும் மேல் அடுக்கில்தான் போய் விழும்.

ஆகவே பில் கையில் வந்ததும் முந்தைய ரீடிங் எண்ணையும், அந்த ரீடிங் உண்மையில் எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது என்பதையும் தேடுங்கள். பில் காலம் தொடங்கும் தேதியும் அந்த ரீடிங்கின் தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, சிக்கலே இந்த இடைவெளியில்தான் ஒளிந்திருக்கிறது. பழைய பில்களைத் தூக்கிப் போடாதீர்கள் என்று இதற்காகவே சொல்கிறேன். கடைசியாக மீட்டரைப் பார்த்துப் போட்ட பில் ஒன்று உங்களிடம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இடையில் சராசரி பில்லுக்கு ஏதாவது பணம் கட்டியிருந்தால் அது புது பில்லில் கழிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பல பேர் இதை விட்டுவிட்டு ஒரே தண்ணீருக்கு இரண்டு தடவை கட்டுகிறார்கள்.

அப்புறம் மீட்டரையே போய்ப் பாருங்கள். படிக்கட்டுக்கு அடியிலோ கேட் பக்கத்துக் குழியிலோ தூசி படிந்து கிடக்கும், ஈரத் துணியால் கண்ணாடியைத் துடையுங்கள். கறுப்பு எண்கள்தான் கிலோலிட்டர். சிவப்பில் இருப்பவை அதற்குக் கீழே, லிட்டர் கணக்கு. சிவப்பு எண் ஒன்றையும் சேர்த்து எழுதிவிட்டால் ரீடிங் பத்து மடங்காகும். பில்லில் உள்ள இப்போதைய ரீடிங், நீங்கள் இன்று பார்க்கும் கறுப்பு எண்ணைவிட அதிகமாக இருந்தால் விவாதமே வேண்டாம், அது தவறு. மீட்டர் பின்னோக்கி ஓடாது. பில்லில் உள்ள மீட்டர் எண்ணும் மீட்டரின் மேல் பொறித்திருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று அப்படியே ஒரு பார்வை. நாலு மாடிக்கு நாலு மீட்டர் வரிசையாக இருக்கும் இடத்தில் பக்கத்து மீட்டர் உங்கள் கணக்கில் ஏறியிருக்கலாம்.

ரீடிங் சரியாக இருந்தும் வித்தியாசம் பெரிதாக இருக்கிறதா? கசிவு இருக்கலாம். மீட்டரை அடுத்து இருக்கும் வால்வை மூடிவிட்டு, தண்ணீர் வரும் நேரத்தில் மீட்டரில் உள்ள சின்னச் சக்கரத்தைக் கவனியுங்கள். மூடிய பிறகும் அது சுற்றினால் வால்வோ மீட்டரோ சரியில்லை. நின்றுவிட்டால் வால்வைத் திறந்து, தொட்டி நிரம்பிய பிறகு எல்லாக் குழாயையும் மூடிப் பாருங்கள், அப்போதும் சுற்றினால் தொட்டியின் மிதவையையும், அடித்தளத் தொட்டியின் வழிகுழாயையும், கழிவறை ஃப்ளஷையும் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையைச் செய்துவிட்டுப் போனால் கவுன்டரில் "உங்க வீட்டுக் கசிவு" என்ற பதில் எடுபடாது.

கழிவுநீர் வரியில் ஒரே ஒரு கணக்கு: தண்ணீர்க் கட்டணத்தை மட்டும் 0.6-ஆல் பெருக்குங்கள், சர்வீஸ் சார்ஜைச் சேர்க்காதீர்கள். வரும் எண் பில்லோடு பொருந்த வேண்டும். தண்ணீர் ரீடிங் தவறு என்றால் இதுவும் தானாகத் தவறு, அதனால் திருத்தம் கேட்கும்போது இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். தண்ணீரை மட்டும் திருத்திவிட்டு இதை அப்படியே விட்டுவிடும் ஆபத்து உண்டு. உங்கள் தெருவில் கழிவுநீர்க் குழாயே இல்லை, செப்டிக் டேங்கை நீங்கள்தான் லாரி வைத்துக் காலி செய்கிறீர்கள் என்றால், இந்த வரி ஏன் என்று எழுத்தில் கேட்க உங்களுக்கு முழு நியாயம் உண்டு.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஒன்று. 20 கிலோலிட்டர் என்பது ஆளுக்கு அல்ல, இணைப்புக்கு. மூன்று மாடிக் குடும்பங்கள் ஒரே மீட்டரில் தொங்கினால் எல்லை ஒன்றுதான், மாதம் முடியும் முன்பே தாண்டிவிடும். பெரிய ஹவுசிங் சொசைட்டியில் மொத்த இணைப்பு என்றால் மட்டும் வீடுகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள், அந்த எண்ணிக்கை பில்லில் சரியாக இருக்கிறதா என்று செயலாளரிடம் கேளுங்கள். வீட்டுக்காரர் மாதாமாதம் தண்ணீருக்கு 500 ரூபாய் என்று வாங்குகிறார் என்றால் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். அது பூஜ்ய பில்லாக இருந்தால் அந்த 500 எதற்கு என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. மீட்டர் வேலை செய்தால்தான் இலவசம். ஓடாத மீட்டரை "பில் வரலையே, நல்லதுதான்" என்று விட்டுவைப்பவர்கள்தான் பின்னால் மாட்டிக்கொள்கிறார்கள். பூஜ்ய பில் வந்தாலும் பழைய பாக்கி தனி வரியில் வட்டியோடு ஏறிக்கொண்டே இருக்கும், அந்த வரியையும் பாருங்கள்.

சரி, தவறு என்று உறுதியாகிவிட்டது. போன் 1916-க்குச் செய்யலாம், புகார் எண் கிடைக்கும், ஆனால் பில் திருத்தம் நடப்பது உங்கள் பகுதி வருவாய் அலுவலகத்தில்தான். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். வாயால் சொன்னதற்கு மறுநாள் எந்தத் தடமும் இருக்காது, அந்தப் பெஞ்சில் இருந்தவர் மாறியிருப்பார், நீங்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு தாளில் பில்லில் K No. என்று இருக்கும் உங்கள் இணைப்பு எண், மீட்டர் எண், முந்தைய உண்மை ரீடிங்கும் அதன் தேதியும், இப்போதைய ரீடிங்கும் அதன் தேதியும், நாட்கள், மாதச் சராசரி என்று எழுதுங்கள். கீழே ஒரே கோரிக்கை: "வித்தியாசத்தை 180 நாளுக்கும் பிரித்து பில்லைத் திருத்தித் தரவும், திருத்தும் வரை தாமதக் கட்டணம் போட வேண்டாம்." கதை எழுதினால் படிக்க மாட்டார்கள். இந்தியில் எழுத வரவில்லை என்றால் ஆங்கிலத்தில் எழுதுங்கள், கணக்கு எண்களில்தானே இருக்கிறது.

மீட்டரைத் தேதி தெரியும்படி படம் எடுத்து அச்சிட்டு, கடைசி உண்மை ரீடிங் இருந்த பில்லின் நகலோடு இணையுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் முத்திரையும் டைரி நம்பரும் வாங்காமல் திரும்பாதீர்கள். "வச்சுட்டுப் போங்க, பாத்துக்கிறோம்" என்றால் அங்கேயே நில்லுங்கள். அசல் பில் எதையும் கொடுக்க வேண்டாம்.

பதில் வரவில்லையா, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, உங்கள் இணைப்பின் கடந்த இரண்டு வருட ரீடிங், ஒவ்வொன்றின் தேதி, அது பார்த்து எடுத்ததா சராசரியா என்ற விவரம், இவை மூன்றையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். மே 5-இல் யாரும் மீட்டரைப் பார்க்கவில்லை என்று அவர்கள் கையெழுத்திலேயே வந்த தாளை அதே மேசையில் வைக்கும்போது, அடுத்த ஜன்னலுக்குப் போங்கள் என்று சொல்வது அவர்களுக்கு அவ்வளவு சுலபமாக இருக்காது.

இனிமேலாவது மாதம் 1-ஆம் தேதி மீட்டரைப் போனில் படம் எடுத்து வையுங்கள். ஊருக்குப் போனால் போகும் அன்று ஒன்று, வந்த அன்று ஒன்று.