ஆடிப்பெருக்குக் கட்டுரையில் எத்தனை ‘பாரம்பரியம்’?

ஆடி மாதம் பிறந்தால் எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் கட்டுரைப் போட்டி வந்துவிடும். தலைப்பு பெரும்பாலும் ஆடிப்பெருக்குதான். தமிழாசிரியர் என்பதால் கட்டு என் மேசைக்கு வரும். எழுத்துப் பிழை, சந்திப் பிழையை எல்லாம் ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். கையை நிறுத்திவிடுவது கீழே உள்ளதுபோன்ற பத்திதான். எந்த ஒரு பிள்ளையும் எழுதியது இல்லை. பல தாள்களில் பார்த்ததைச் சேர்த்து நானே எழுதிக் காட்டுகிறேன்.

“ஆடிப்பெருக்கு நமது பாரம்பரிய விழா. பாரம்பரியத்தின்படி பெண்கள் படித்துறையில் காவிரித் தாயை வணங்குவார்கள். புதுமணத் தம்பதிகள் கல்யாண மாலையை ஆற்றில் விடுவது பாரம்பரியம். காவிரிக்கு மசக்கை என்பதால் சித்திரான்னம் படைப்பதும் பாரம்பரியம்.”

‘ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறது’ என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தால் அடுத்த தாள் இதைவிட மோசமாக வரும். பிள்ளை அகராதியைப் புரட்டி, முதல் இடத்தில் மரபு, இரண்டாவதில் சம்பிரதாயம், மூன்றாவதில் சடங்கு, நான்காவதில் கலாசாரம் என்று வரிசையாக மாற்றி வைத்திருக்கும். ‘சித்திரான்னம் படைப்பது கலாசாரம்’ என்று படித்தால் நாக்கு இடறுகிறது. எல்லாம் ஒரே பொருள் என்று நினைப்பதால்தான் இந்த வினை. படித்துறையில் நடப்பதை ஒவ்வொன்றாகப் பார்த்தால், எந்தச் சொல் எங்கே உட்காரும் என்பது தெரிந்துவிடும்.

முதலில் வழிபாடு. படியில் இடம் பிடித்து, வாழையிலை போட்டு, மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைக்கிறார்கள். காதோலை, கருகமணி, வளையல், பூ, பழம், வெல்லம் கலந்த காப்பரிசி எல்லாம் இலையில் ஏறுகின்றன. விளக்கேற்றி, கற்பூரம் காட்டி, படைத்ததை ஆற்றில் விடுகிறார்கள். அப்புறம் மூத்த சுமங்கலி ஒருவர் மற்றவர்களுக்கு மஞ்சள் கயிறு கட்டிவிடுகிறார். ஆண்களும் பிள்ளைகளும் மணிக்கட்டில் கட்டிக்கொள்கிறார்கள். இதில் ஒரு வரிசை இருக்கிறது, அதற்கென்று பொருள்கள் இருக்கின்றன, செய்பவர் யார் என்பதும் இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் அது சடங்கு. சடங்கு செய்யப்படுவது, நடத்தப்படுவது. சாப்பிடுவதும் ஊர் சுற்றுவதும் சடங்கு ஆகாது. கொஞ்சம் கவனமாகவும் இருக்க வேண்டிய சொல் இது: ‘சடங்குக்கு ஒரு கூட்டம் போட்டார்கள்’ என்றால் மனமில்லாமல் செய்தார்கள் என்று அர்த்தம். பல ஊர்ப் பேச்சில் ‘சடங்கு’ என்றாலே பெண் பெரியவளான விசேஷம்தான். அதனால் ‘ஆடிப்பெருக்குச் சடங்கு’ என்று மொட்டையாக எழுதாமல், என்ன செய்கிறார்கள் என்பதையும் பக்கத்தில் வைக்கச் சொல்வேன்.

அடுத்து, குடும்பமே ஆற்றங்கரைக்குக் கிளம்புவது, கட்டுச்சோறு கொண்டுபோவது, பிள்ளைகள் சப்பரம் இழுப்பது, கல்யாண மாலையைப் பத்திரப்படுத்தி வைத்திருந்து அன்று ஆற்றில் விடுவது. இவையெல்லாம் வழக்கம். யாரும் விதி எழுதி வைக்கவில்லை. எல்லாரும் செய்வதால் நாமும் செய்கிறோம். வழக்கத்துக்கு ஓர் அடையாளம், அது ஊருக்கு ஊர் மாறும், விட்டும் போகும். சப்பரம் இழுப்பதை அறியாத ஊர்கள் உண்டு. 2020-இல் கொரோனாக் கட்டுப்பாட்டால் படித்துறைகளுக்குப் போக முடியாதபோது, பலர் வீட்டுக் கிணற்றடியிலும் குழாயடியிலும் படைத்தார்கள். ஆற்றுக்குப் போகும் வழக்கம் அந்த வருஷம் நின்றது, சடங்கு நிற்கவில்லை. இரண்டு சொல்லும் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

வழக்கத்துக்கும் பாரம்பரியத்துக்கும் உள்ள தூரம் பத்திரிகைத் தமிழில் நன்றாகத் தெரியும். மேட்டூர் அணை 1934-இல் பயன்பாட்டுக்கு வந்தது. ‘டெல்டா பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்படும்’ என்று வருஷாவருஷம் செய்தி வருகிறது. ‘பாரம்பரியமாக ஜூன் 12’ என்று எழுதினால் சிரிப்பார்கள். தேதி ஒழுங்காக வந்தால் மட்டும் பாரம்பரியம் ஆகிவிடாது. அதற்குக் கைமாற்றிக் கொடுப்பவர் ஒருவரும் வாங்கிக்கொள்பவர் ஒருவரும் வேண்டும், சொல்லுக்குள்ளேயே பரம்பரை இருக்கிறது. சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் பூசி அச்செடுத்து, பஞ்சலோகம் வார்க்கிறார்களே, அந்தக் கைத்திறன் தலைமுறை வழியாக வருவது. அது பாரம்பரியம். முன்னோர் விட்டுப்போனதை நாம் காக்க வேண்டும் என்ற பொருளிலும் இதே சொல்தான்: 1987-இல் தஞ்சைப் பெரிய கோயிலும், 2004-இல் தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாகச் சேர்ந்தன. அங்கே வழக்கம், சடங்கு என்று எதையும் வைக்க முடியாது.

மரபு இன்னும் கறாரானது. ‘மயில் கத்தியது’ என்று எழுதினால் மரபுப் பிழை, ‘அகவியது’ என்றே எழுத வேண்டும் என்று வகுப்பில் சொல்கிறோமே, அதே மரபுதான். இப்படித்தான் செய்ய வேண்டும் என்று பெரியோர் ஏற்று நின்ற ஒழுங்கு. மீறினால் பிழை என்று சொல்லக்கூடிய இடத்தில் மரபு பொருந்தும். கட்டுச்சோற்றில் எலுமிச்சைச் சோற்றுக்குப் பதில் தக்காளிச் சோறு கொண்டுபோனால் யாரும் பிழை என்பதில்லை, ஆகையால் அது மரபு இல்லை, வழக்கம்தான்.

சம்பிரதாயத்தை இந்தக் கட்டுரையில் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. மருதாநல்லூர், கோவிந்தபுரம் பக்கம் பஜனை சம்பிரதாயம் என்றால் குரு வழியாக வந்த பாடும் முறை. அது கச்சிதமான பயன்பாடு. பொதுவாக எழுதும்போதோ ‘சம்பிரதாயத்துக்கு விசாரித்தார்’ என்ற ஒப்புக்குச் செய்யும் வாடை ஒட்டிக்கொள்கிறது.

மசக்கைக்கு வருவோம். புதுவெள்ளம் வந்த காவிரி கர்ப்பிணி, அவள் வாய்க்கு ருசியாகப் புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று விதவிதமான சோறு படைக்கிறோம் என்பது ஒரு செயல் இல்லை, செயலுக்குச் சொல்லப்படும் காரணம். பலகாலமாகச் சொல்லிவரும் நம்பிக்கைக்கு ஐதீகம் என்ற சொல் இருக்கிறது. மாணவர்கள் இதை ஏனோ தொடுவதே இல்லை. ‘காவிரிக்கு மசக்கை என்பது ஐதீகம்’ என்று எழுதிவிட்டால், நம்புகிறவரும் நம்பாதவரும் முகம் சுளிக்காமல் படிக்கலாம்.

சரி, அந்தப் பத்தியை இப்போது திருப்பி எழுதினால்:

“ஆடி 18 அன்று படித்துறையில் வாழையிலை விரித்து, மஞ்சள் பிள்ளையார் பிடித்து, காதோலை கருகமணியும் காப்பரிசியும் படைத்துக் காவிரியை வணங்குகிறார்கள். இந்தச் சடங்கு முடிந்ததும் மூத்த சுமங்கலி எல்லாருக்கும் மஞ்சள் கயிறு கட்டுவார். புதிதாகக் கல்யாணமானவர்கள் மணமாலையை ஆற்றில் விடும் வழக்கம் உண்டு. காவிரி மசக்கையாக இருக்கிறாள் என்பது ஐதீகம், அதனால்தான் சித்திரான்னம்.”

சடங்கு, வழக்கம், ஐதீகம் மூன்றும் ஒவ்வொரு தடவைதான் வருகின்றன. பாரம்பரியம் வரவே இல்லை, மாணவரும் அதைத் தேடவில்லை. மற்ற இடங்களை இலையும் கயிறும் சோறும் நிரப்பிவிட்டன. இத்தனைக்குப் பிறகும் சில தாள்களின் கடைசி வரியில் ‘நம் பாரம்பரியத்தைக் காப்போம்’ வந்து நிற்கும். எதைக் காப்பது என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுக்கிறேன். ‘மணலில் பிள்ளையார் பிடிக்க எங்கள் ஆயா சொல்லிக் கொடுத்தது’ என்று பதில் எழுதி வந்த தாளில் அந்தச் சொல்லை அடிக்கவில்லை.