புது மருந்து பழையதைவிட மோசமில்லை என்று எப்படிக் காட்டுவது?

"பி மதிப்பு 0.05-க்கு மேல் வந்திருக்கிறது, அப்போது இரண்டு மருந்தும் ஒன்றுதான்." ஆய்வுக் கட்டுரைகளை மருத்துவர்களோடு சேர்ந்து படிக்கும்போது இதை அடிக்கடி கேட்கிறேன். உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவோ இதற்கு மேலோ வித்தியாசம் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் பி மதிப்பு. அது பெரிதாக இருப்பதை வைத்து 'ஒன்றுதான்' என்பது ஆபத்தான முடிவு. நோயாளிகள் குறைவாக இருந்தால் பெரிய வித்தியாசம்கூடக் கண்ணில் படாமல் போகும். 'மோசமில்லை' என்று சொல்ல வேண்டுமானால், எவ்வளவு மோசம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்ற எல்லையை ஆய்வு தொடங்குமுன்பே எழுதிவைக்க வேண்டும். அதுதான் நான்-இன்ஃபீரியாரிட்டி ஆய்வு.

2009-இல் வெளியான ரீ-லை ஆய்வைப் பாருங்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறு உள்ள 18,113 பேருக்கு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் பழைய மருந்தான வார்ஃபரின் அல்லது புது மருந்தான டாபிகாட்ரான் 110 மி.கி. அல்லது 150 மி.கி. கொடுத்தார்கள். வார்ஃபரின் பக்கவாதத்தைத் தடுக்கும் என்பது ஏற்கெனவே உறுதியானதால், வெற்று மாத்திரை கொடுத்து ஒப்பிட முடியாது. புது மருந்தில் பாதிப்பு வரும் வீதம் வார்ஃபரினில் வருவதைப்போல் 1.46 மடங்கை எட்டக்கூடாது என்பதே முன்பே குறித்த எல்லை. பழைய ஆய்வுகளில் வார்ஃபரின் தந்த பலனைக் குறைத்தே மதிப்பிட்டு, அதிலும் பாதியாவது புது மருந்தில் மிஞ்ச வேண்டும் என்ற கணக்கில் வந்த எண் அது.

110 மி.கி. டாபிகாட்ரானில் பக்கவாதமோ உடலின் வேறிடத்தில் ரத்தக்கட்டு அடைப்போ வந்தவர்கள் ஆண்டுக்கு 1.53%, வார்ஃபரினில் 1.69%. இரண்டின் விகிதம் 0.91. உண்மையான விகிதம் எந்த வீச்சுக்குள் இருக்கலாம் என்று காட்டும் 95% நம்பக இடைவெளி 0.74 முதல் 1.11 வரை. பார்க்க வேண்டியது மேல்முனை. 1.11 என்பது 1.46-க்குக் கீழே இருப்பதால் 'மோசமில்லை' நிரூபணமாயிற்று. ஆனால் இடைவெளிக்குள் 1 இருப்பதால் 'மேலானது' என்று சொல்ல முடியாது. 150 மி.கி.-யில் இடைவெளி 0.53 முதல் 0.82 வரை, அது உண்மையிலேயே மேலானது. சரி, மோசமில்லாத 110 மி.கி. எதற்கு? பெரிய ரத்தக்கசிவு அதில் வார்ஃபரினைவிடக் குறைவு. இப்படி வேறொரு ஆதாயம் இருந்தால்தான் இந்த வகை ஆய்வுக்கே அர்த்தம் உண்டு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நோயாளிகள் மாத்திரையை ஒழுங்காக எடுக்காவிட்டால் இரண்டு குழுவும் ஒன்றுபோலவே தெரியும்; மோசமான மருந்துகூடத் தேறிவிடும். அதனால் சேர்த்த எல்லோரையும் வைத்து ஒரு கணக்கு, நெறிப்படி மருந்து எடுத்தவர்களை மட்டும் வைத்து ஒரு கணக்கு என இரண்டையும் கேட்டு வாங்கிப் பார்ப்பேன். ஒப்பீட்டு மருந்தைச் சரியாகக் கொடுத்தார்களா என்பதும் முக்கியம். ரீ-லையில் வார்ஃபரின் எடுத்தவர்களின் ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் அளவு, சராசரியாக 64% நேரம் சரியான அளவில் இருந்தது.

இதே கேள்விக்குக் கிராஸ்ஓவர் ஆய்வு உதவாது. அதில் ஒவ்வொருவரும் இரண்டு மருந்தையும் அடுத்தடுத்து எடுப்பார்கள். பக்கவாதம் வந்தவர் பழைய நிலைக்குத் திரும்பமாட்டார். ஆனால் வார்ஃபரினின் ஜெனரிக் மாத்திரை அசல் மாத்திரை அளவுக்கே ரத்தத்தில் சேர்கிறதா என்று பார்க்க அது மிகவும் பொருத்தம். ஒருவரை அவரோடே ஒப்பிடுவதால் சில டஜன் பேரே போதும். இரண்டு மாத்திரையிலிருந்தும் ரத்தத்தில் சேரும் அளவின் விகிதத்துக்கான 90% நம்பக இடைவெளி முழுவதும் 80% முதல் 125%-க்குள் அடங்க வேண்டும். வார்ஃபரினின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், சுமார் 40 மணி நேரம். மருந்து ஏறக்குறைய முழுதும் நீங்க ஐந்து அரை ஆயுள் என்றால், இரண்டு மாத்திரைக்கும் நடுவே எட்டு நாளுக்கு மேல் விட வேண்டும். அதற்குள் இரண்டாம் மாத்திரையைக் கொடுத்தால் முதல் மாத்திரையின் மிச்சமும் சேர்ந்து அளக்கப்படும். பின்னால் புள்ளியியல் சோதனை வைத்து இந்த மிச்சத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று நம்பாதீர்கள், அந்தச் சோதனைக்கு அவ்வளவு வலு கிடையாது.